உறைந்த நெய்யும் ஒரு டீஸ்பூனும்

கொழிஞ்சாம்பாறையில் மார்கழிக் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டு நெய் கெட்டியாகிவிடும். நாளுக்கு மூன்று டீஸ்பூன் நெய், டீஸ்பூனுக்கு 40 கலோரி, ஆக 120 என்று நோட்டில் எழுதி வந்தேன். எடை மட்டும் குறையவில்லை.

ஒருநாள் சமையலறைத் தராசில் நெய் பாட்டிலை வைத்து, பூஜ்ஜியமாக்கி, வழக்கம்போல ஒரு ஸ்பூன் எடுத்தேன். மைனஸ் 10 கிராம் காட்டியது! உருகிய நெய்யைத் தலைதட்டி எடுத்தால் சுமார் நாலரை கிராம்தான். உறைந்ததைக் கோபுரமாக அள்ளியதில்தான் கோளாறு. ஒரு கிராம் நெய் ஏறக்குறைய 9 கலோரி. மூன்று ஸ்பூனுக்கு 270. தினமும் 150 கலோரி கணக்கில் வராமலே போயிருக்கிறது.

தேங்காய் எண்ணெய்க்கும் கிராமுக்கு அதே 9தான். வெண்ணெயில் தண்ணீர் இருப்பதால் ஏழு சொச்சம். ஆனால் அதையும் யார் தலைதட்டி எடுக்கிறார்கள்?

இப்போது ஸ்பூனை எண்ணுவதில்லை. பாட்டில் தராசிலேயே இருக்கும், குறைந்த எடையை எழுதிக்கொள்வேன். ஸ்பூனில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் சாப்பிட்ட கணக்கில் சேர்ந்துவிடும். அம்மாவுக்குத்தான் சிரிப்பு: "நகைக்கடையா வச்சிருக்கே?"