உண்ணி கடித்தபின் செய்யக் கூடாதவை

முதுமலை, பந்திப்பூர் போன்ற காடுகளின் விளிம்பில், பனி முடிந்து கோடை ஏறும் மாதங்களில் புல்லையும் புதரையும் உரசி நடந்து வருவோரின் உடலில் ஏறுபவை பெரும்பாலும் எள்ளளவே இருக்கும் இளம் உண்ணிகள். மாட்டின் காதில் ஆமணக்கு விதைபோல் உப்பித் தொங்கும் உண்ணியை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், தம் தோலில் இருக்கும் இந்தக் கரும்புள்ளியை மச்சம் என்றோ மண்துகள் என்றோ எண்ணி விட்டுவிடுகிறார்கள். கடித்த இடம் வலிப்பதும் இல்லை. தேய்த்துக் குளித்தால் போதும் என்று இருந்துவிடுவதும் தவறு. தோலுக்குள் வாயைப் பதித்துவிட்ட உண்ணி சோப்புக்கும் தண்ணீருக்கும் பெயராது. வீடு திரும்பியதும் உடைகளைச் சூடான சோப்புநீரில் ஊறவைத்துவிட்டு, முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, இடுப்பில் நாடா இறுகும் இடம், அக்குள், காதின் பின்புறம், குழந்தைகளாயின் தலைமுடிக்குள்ளும், விரலால் தடவியும் கண்ணால் பார்த்தும் தேட வேண்டும்.

கண்டபின் நடக்கும் தவறுதான் கூடுதல் கேடானது. மண்ணெண்ணெய் தடவுவது, பீடி நெருப்பைக் காட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, வாஸ்லினைப் பூசி மூச்சடைக்கச் செய்வது என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. உண்ணி தானாகக் கழன்று விழும் என்பதே இவை அனைத்தின் பின்னும் இருக்கும் நம்பிக்கை. ஆனால் அதன் வாய்ப்பகுதியில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் அது எளிதில் விடாது. விடும்வரை காத்திருக்கும் நேரமெல்லாம் கிருமி உள்ளே இறங்கக் கிடைத்த நேரமாகிவிடுகிறது. சூடும் எரிச்சலும் பட்ட உண்ணி தன் எச்சிலையும் குடலில் உள்ளதையும் காயத்துக்குள் கக்கவும் கூடும். வயிற்றைப் பிடித்து நசுக்கினாலும் இதே ஆபத்துதான்.

முனை கூரான இடுக்கியால், தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடிக்க வேண்டும். பிடித்தபின் திருகாமல், வெடுக்கென்று பறிக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுத்தால் தோல் சற்று எழும்பி, சில நொடிகளில் உண்ணி விட்டுவிடும். வாயின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், இடுக்கிக்கு எளிதில் வந்தால் எடுக்கலாம். வராவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள், நாளடைவில் தோலே அதை வெளியே தள்ளிவிடும். இடுக்கி கிடைக்காவிட்டால் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு அதே முறையில் எடுக்கலாம். எடுத்த உண்ணியை நகத்தில் வைத்து நசுக்காமல், ஸ்பிரிட்டில் போட்டோ ஒட்டுநாடாவில் மடித்தோ அழித்துவிட்டு, கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவ வேண்டும். பிறகு அன்றைய தேதியைக் குறித்துவையுங்கள். பெரும்பாலோர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

தேதி எதற்கு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். காட்டோரத்தில் விறகு பொறுக்கப் போன ஒருவர், ஞாயிற்றுக்கிழமை இரவு தொடையிலிருந்து ஓர் உண்ணியை எடுத்து எறிகிறார். வெள்ளிக்கிழமை திடீரென்று குளிர்காய்ச்சலும், நெற்றியைப் பிளக்கும் தலைவலியும், கடுமையான உடல்வலியும் வருகின்றன. உண்ணியை மறந்துவிட்ட அவர் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ஆனால் இது குரங்குக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நோய், கடித்த 3 முதல் 8 நாட்களில் வெளிப்படும். இரத்தக்கசிவு ஏற்படக்கூடிய நோய் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபன் போன்ற மாத்திரைகள் தீங்கு செய்யும். மருத்துவரைப் பார்க்கும்வரை பாரசிட்டமால் மட்டுமே ஏற்றது. தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று எண்ண இடமுண்டு. ஆகவே காட்டுக்குப் போனதையும், உண்ணி கடித்த நாளையும், அப்பகுதியில் குரங்குகள் செத்துக் கிடந்திருந்தால் அதையும் நோயாளியே முன்வந்து சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடவும் கூடாது. 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு, நோயின் மூன்றாம் வாரத் தொடக்கத்தில் காய்ச்சல் மீண்டும் வந்து, கடும் தலைவலி, நடுக்கம், பார்வைக் கோளாறு ஆகியவை சேரும்.

நம்மிடையே ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற பெயரில் வழங்குவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் வேறொரு நோய். அதைப் பரப்புவது உண்ணி அன்று, கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்புழு. எனவே ‘என் உடம்பில் உண்ணி எதுவும் ஒட்டவில்லையே’ என்று அதை விலக்கிவிட முடியாது. புதரில் நடந்த ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடிப்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வலிக்காது, அரிக்காது. நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். இருப்பின் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குரங்குக் காய்ச்சலுக்கு நேரடி மருந்து கிடையாது, ஆனால் இந்த நோய்க்கு டாக்ஸிசைக்ளின் உண்டு; அதை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறார்களோ, நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும் அபாயம் அவ்வளவு குறையும்.