தட்டைத் தட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

களுவாஞ்சிக்குடியில் என் மச்சாளின் மகனுக்கு ஒன்றே முக்கால் வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. காதில் ஏதும் குறையோ என்று நான் கேட்டதும், அம்மம்மா ஒரு சில்வர் தட்டை எடுத்து அவனுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பினான். "காதில ஒண்டும் இல்ல, இவன்ட அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்றார். அந்தத் தட்டை நம்பியே ஐந்து மாதம் போய்விட்டது.

தட்டுச் சத்தம் பேச்சைவிடப் பல மடங்கு பலமானது. பாதி கேட்கும் பிள்ளையும் அதற்குத் திரும்பும். தரையின் அதிர்வு, சுவரில் விழும் நிழல்கூடத் திரும்ப வைக்கும். பேச்சு அப்படியல்ல. 'ஆ', 'ஊ' போன்ற ஒலிகள் பலமாக வரும்; 'ச', 'த', 'ப' மெல்லியவை. இவை மட்டும் கேட்காத பிள்ளைக்கு மீன்காரரின் ஹோர்ன் கேட்கும், அப்பாவின் மோட்டார் சைக்கிள் கேட்கும், "சட்டை", "தட்டு" என்ற சொற்கள் தெளிவில்லாத முனகலாகவே போய்ச் சேரும். இவனுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு தவறு எங்கள் எல்லோருடையதும். "அவனுக்கு எல்லாம் விளங்குது, கதைதான் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மச்சாள் "பந்தை எடு" என்றால் எடுப்பான். ஆனால் சொல்லும்போதே அவள் கண்ணும் விரலும் பந்தைக் காட்டின. ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி, சாதாரணக் குரலில் சொல்லச் சொன்னேன். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னைக் கேட்டால், தட்டைவிட இதுவே நல்ல சோதனை. ஆனால் இதில் தேறினாலும் காது சரியென்று ஆகாது; ஒரு காது மட்டும் கேட்டாலும் தேறிவிடலாம்.

கைக்குழந்தையில் சத்தம் போடுவதை வைத்தும் ஏமாறுகிறோம். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் "ஆ... ஊ..." என்று குரல் எழுப்பும். ஆறு மாதத்துக்குப் பிறகு அது "பபப", "மமம" என்று வளராமல் நின்றாலோ குறைந்தாலோ கவனியுங்கள். பிறந்தபோது காதுப் பரிசோதனை சரி என்று சொன்னார்களா? பிறகும் கேள்திறன் குறையலாம். மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளையைக் கட்டாயம் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். தடிமன் பிடித்தபின் நடுக்காதில் நீர் தங்கினாலும் கேட்பது குறையும்.

பேச்சு பிந்தினால் மிட்வைஃபிடம் சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். "சின்னப் பிள்ளை, எப்படிப் பரிசோதிப்பது" என்று தள்ளிப்போட வேண்டாம். தலையில் சிறு கம்பிகளை ஒட்டி, காதுக்குள் ஒலி கொடுத்து, நரம்பின் பதிலைப் பதியும் பரிசோதனை இருக்கிறது. பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை, அசையாமல் தூங்கினால் போதும். எங்கள் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கி முடித்துவிட்டு அங்கே விழித்துக்கொண்டதால் இன்னொரு நாள் போக வேண்டி வந்தது. இரண்டாம் முறை வழி நெடுகத் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டி, அங்கே போய்ப் பால் கொடுத்தோம். தூங்கினான். இரண்டு காதிலும் நடுத்தரக் குறை என்று அன்றுதான் தெரிந்தது.