யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கு: ரேடியோகிராபர் பதிவை முதல் படியிலிருந்து செய்வது எப்படி

வெளிநாடு என்றால் வளைகுடா, அவுஸ்திரேலியா, அயர்லாந்து என்று பல கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு சபை, வேறு படிவம். இந்தப் பதிவில் இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது அதைப் பற்றித்தான்.

அங்கே ரேடியோகிராபர் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. எச்.சி.பி.சி. என்ற சபையின் பதிவேட்டில் இல்லாத ஒருவர் அந்தப் பெயரைப் பாவிக்கவே முடியாது. ஆகவே வேலை தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அந்தப் பதிவு. இதற்குப் பரீட்சை மண்டபம் எதுவும் இல்லை. உங்கள் கோப்பை நம் தொழிலையே செய்கிற மதிப்பீட்டாளர்கள் படித்துப் பார்ப்பார்கள். அவர்கள் உங்களை நேரில் பார்ப்பதில்லை, நீங்கள் வேலை செய்வதையும் பார்ப்பதில்லை. காகிதத்தில் நீங்கள் காட்டுவது மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்போம்.

படி 1: வீட்டுக் கணக்கை முதலில் முடியுங்கள்

கொழும்பு ரேடியோகிராபி பாடசாலையில் டிப்ளோமா முடித்திருந்தாலும், பேராதனையில் பட்டம் முடித்திருந்தாலும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். பிறகு அதே சபையிடம் நன்னிலைச் சான்றிதழ் கேட்க வேண்டிவரும். உங்கள் மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்லும் கடிதம் அது. அதை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இது சில மாதங்களுக்குள் பழசாகிவிடும் கடிதம். நான் எல்லாவற்றுக்கும் முதல் அதை எடுத்து வைத்தேன். மற்றக் காகிதங்கள் சேர்ந்து முடிய அது காலாவதியாகி, திரும்பவும் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டி வந்தது. விண்ணப்பம் அனுப்பத் தயாராகும்போது கேட்டால் போதும்.

டிப்ளோமா வைத்திருப்பவர்கள் பலர் ‘பட்டம் இல்லாமல் முடியாது’ என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் படிப்பவர்களுக்கு ஹானர்ஸ் பட்டம்தான் நுழைவு மட்டம் என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டில் படித்தவரின் படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்து வைத்துத்தான், எச்.சி.பி.சி.யின் தொழில்திறன் நியமங்களோடு ஒப்பிடுவார்கள். டிப்ளோமாவுக்கு அனுபவப் பகுதி கூடுதலாகச் சுமை தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: உங்கள் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றா?

நம்மவர்களுக்கு இதில்தான் நாள் போகும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் தனியாகவும் தகப்பன் பெயர் வேறு கூட்டிலும் இருக்கும். பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக முன்னுக்கு வந்திருக்கும். கலியாணம் முடித்த பெண்களுக்குப் பணியிடக் கடிதத்தில் கணவன் பெயர். லண்டனில் இருந்து பார்ப்பவருக்கு இது நான்கு ஆட்கள்.

ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆங்கில எழுத்துக்களை ஒரு தாளில் அப்படியே எழுதிப் பாருங்கள். ‘த’வுக்கு ஓரிடத்தில் எச் இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. கடவுச்சீட்டில் உள்ளதை மூலமாக வைத்துக்கொண்டு, மற்றப் பெயர்கள் எல்லாம் அதே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். எழுத்துக்கூட்டலை நீங்களே சொல்லிக் கொடுங்கள், அவர் காதுக்குக் கேட்டபடி எழுத விடாதீர்கள். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் அதற்கான பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

படி 3: ஆங்கிலப் பரீட்சை, ஒரே முறை

எச்.சி.பி.சி. ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக் பரீட்சையில் மொத்தம் 7.0 கேட்கிறது, எந்தப் பகுதியும் 6.5க்குக் கீழே போகக் கூடாது. எழுத்துப் பகுதியில்தான் பலர் 6.0இல் நின்றுவிடுகிறார்கள். அதற்குத் தனியாக நேரம் வையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சபையில் காட்டிய ஆங்கிலப் பெறுபேற்றை வைத்து டாக்டர்மாருக்கும் நர்ஸ்மாருக்கும் விசாவில் விலக்குக் கிடைக்கும். அந்தப் பட்டியலில் ரேடியோகிராபர் இல்லை. விசாவுக்குப் பாதுகாக்கப்பட்ட பரீட்சை என்று ஒரு தனி வகையைக் கேட்பார்கள், சாதாரண அகடமிக் அதில் சேராது. ஆகவே பதிவு செய்யும்போது திரையில் `IELTS for UKVI Academic` என்று இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். வினாத்தாள் அதே தரம், கட்டணம் கொஞ்சம் கூட. ஆனால் ஒரே பெறுபேறு சபைக்கும் விசாவுக்கும் போதும். விசா கேட்கும் மட்டம் சபை கேட்பதைவிடக் குறைவு, அதனால் இரண்டாவது கவலை இல்லை.

படி 4: பாடநெறிப் படிவம்

விண்ணப்பம் `hcpc-uk.org` தளத்தில் இணையவழி. அதோடு சேர்ந்த ஒரு படிவத்தை நீங்கள் படித்த இடம் நிரப்பிக் கையொப்பமும் முத்திரையும் இட வேண்டும். என்னென்ன பாடம், எத்தனை மணித்தியாலம், எந்த வார்டில் எவ்வளவு பயிற்சி என்று விபரம் கேட்கும். அங்கே இருப்பவர்களுக்கு ஆயிரம் வேலை. வெறும் படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒரு வரிப் பதில்தான் வரும். உங்கள் காலத்துப் பாடத்திட்டத்தின் பிரதி ஒன்றையும், பயிற்சிக் குறிப்பேட்டிலிருந்து எண்ணிய மணித்தியாலங்களையும் சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் சரிபார்த்து எழுதுவது சுலபமாகும்.

படி 5: அனுபவத்தை எழுதுவது

இதற்குத்தான் நான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். கேட்கும் கேள்வி எளிது: உங்கள் வேலையில் என்ன செய்கிறீர்கள்? நம்மவர்கள் எழுதும் பதிலும் எளிது: ‘எக்ஸ்ரே, சி.ரி., போர்டபிள், தியேட்டர் எல்லாம் செய்கிறேன். தினமும் நிறைய நோயாளிகள்.’ இது பொய் இல்லை. ஆனால் இதைப் படிப்பவருக்கு நீங்கள் பட்டனை அழுத்துபவரா, யோசித்து முடிவெடுப்பவரா என்று தெரியாது.

இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கதிர்வீச்சு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு கதிர்வீச்சுக்கும் அதனால் நோயாளிக்கு வரும் நன்மை ஆபத்தைவிடக் கூட என்று ஒருவர் நியாயப்படுத்த வேண்டும். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு ரேடியோகிராபருக்கும் உண்டு. இங்கே டாக்டர் எழுதினார், நாங்கள் எடுத்தோம் என்ற பழக்கம். நீங்கள் மனதுக்குள் தினமும் செய்யும் சரிபார்ப்பு காகிதத்துக்கு வராமல் போவது இதனால்தான்.

என்னிடம் உதவி கேட்டு வந்த ஒரு தங்கச்சி முதலில் எழுதியது ‘தீவிர சிகிச்சைப் பிரிவில் போர்டபிள் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பேன்’ என்ற ஒரே வரி. ‘சரி, கடைசியாக எடுத்த ஒன்றைச் சொல்லுங்கோ பிள்ளை’ என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினோம்.

கோரிக்கைச் சீட்டில் ‘குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா’ என்று இருந்தது. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போட்ட உணவுக் குழாய். நோயாளி வென்டிலேட்டரில், பேச முடியாது. அதே வார்டில் அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார். ஆகவே கைப்பட்டியில் உள்ள பெயரையும் பி.எச்.ரி. என்ற கட்டில் அட்டை இலக்கத்தையும் கோரிக்கைச் சீட்டோடு ஒப்பிட்டு, நர்ஸிடமும் கேட்டு உறுதி செய்தாள். காலையில் ஒரு படம் எடுக்கப்பட்டிருந்தது. குழாய் அதற்குப் பிறகுதான் போடப்பட்டது என்று தெரிந்த பின்னரே இரண்டாவது படத்துக்கு நியாயம் இருக்கிறது என்று முடிவெடுத்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கசெட் சரிந்திருந்ததால் கிரிட் வைக்காமல், 85 கே.வி., 2.5 எம்.ஏ.எஸ். வைத்தாள். கிரிட் சரிந்தால் படத்தின் ஒரு பக்கம் வெளிறிப்போகும். பக்கத்துக் கட்டில்காரருக்கு விலகல் தூரம், உள்ளே நிற்க வேண்டிய நர்ஸுக்கு ஈய அங்கி. படத்தில் குழாயின் நுனி வயிற்றுக்குப் போகாமல் வலது மூச்சுக்கிளைக்குள் திரும்பியிருந்தது. அவள் படத்தை அனுப்பிவிட்டுப் போகவில்லை. ‘பால் ஏற்ற வேண்டாம்’ என்று வார்டுக்கு உடனே தொலைபேசியில் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னேன் என்று பதிவேட்டில் எழுதினாள்.

இடம் மாறிய குழாயில் உணவு ஏற்றுவதை, ஒருபோதும் நடக்கக் கூடாத சம்பவங்களின் பட்டியலில் அங்கே வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அவளின் தொழில் புரிந்துவிடும். அடையாளம் பார்த்தது, நியாயப்படுத்தியது, கதிர்வீச்சைக் குறைத்தது, படத்தைப் படித்தது, தகவல் சொன்னது என்று பல நியமங்களுக்கு ஒரே சம்பவம் சான்றாகிறது. இதுபோல சி.ரி., குழந்தைகள், தியேட்டர், விபத்துப் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையால் நடந்த ஒன்றை எழுதுங்கள். நோயாளியின் பெயரையோ இலக்கத்தையோ போடக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. நீங்கள் அதில் வேலை செய்யாவிட்டால் செய்ததாக எழுதாதீர்கள், பொறுப்பாளரின் உறுதிக் கடிதத்தில் மாட்டிக்கொள்வீர்கள். படிக்கும்போது செய்த பயிற்சியைக் காட்டுங்கள். அது பழசாக இருந்தால், மெஷின் உள்ள இடத்தில் அனுமதி பெற்று சில வாரம் நின்று, அங்குள்ள பொறுப்பாளரிடம் கடிதம் வாங்குங்கள்.

படி 6: பதில் வரும்போது

ஆய்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது, அதனால் அரைகுறைக் கோப்பை அனுப்ப வேண்டாம். பதில் நேரடி ஏற்பாகவும் வரலாம், இன்ன நியமத்துக்கு மேலும் சான்று தேவை என்றும் வரலாம். இரண்டாவது வந்தால் கலங்கிப்போக வேண்டியதில்லை. எந்த நியமத்தின் இலக்கத்தைச் சுட்டுகிறார்களோ அதற்கு மட்டும், படி 5இல் சொன்ன விதமாக, புதுச் சம்பவத்தோடு பதில் எழுதுங்கள். பழைய வரியைப் பெரிதாக்கி அனுப்பினால் அதே கேள்விதான் திரும்பி வரும்.

படி 7: வேலையும் விசாவும்

பதிவு கிடைத்தபின் அங்குள்ள அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இன் வேலை விளம்பரங்களுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆரம்ப நிலை பொதுவாக பேண்ட் 5 என்ற சம்பளத் தரம். வேலை எடுத்துத் தருகிறேன் என்று உங்களிடம் காசு கேட்கும் முகவரைத் தவிருங்கள். அங்குள்ள ஆட்சேர்ப்பு ஒழுக்கக் கோவைப்படி வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆஸ்பத்திரி அனுசரணைச் சான்று தந்த பிறகு சுகாதார, பராமரிப்புப் பணியாளர் விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள். பொலிஸ் நற்சான்றிதழ் தேவை. காசநோய்ச் சான்றிதழும் தேவை, அதற்குக் கொழும்பில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பான ஐ.ஓ.எம்.இன் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே உங்கள் நெஞ்சை இன்னொரு ரேடியோகிராபர் எடுப்பார். அந்தச் சான்றிதழுக்கு 6 மாத ஆயுள்தான், ஆகவே வேலை உறுதியான பிறகு எடுங்கள். அரச சேவையில் இருப்பவர்கள் லீவு அல்லது விலகல் கடிதத்தை அதே வாரத்தில் ஆரம்பியுங்கள். விசா வந்ததும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்த பிறகுதான் கட்டுநாயக்காவுக்கு வண்டி பிடிக்க வேண்டும்.