குழுக் கடன் விண்ணப்பம்: உறுப்பினர் பங்கில் இடித்த 4 ரூபாய்

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். 5,00,000 ரூபாய்க்கு இணையத்தில் விண்ணப்பித்தபோது, கடைசிப் பக்கத்தில் ‘உறுப்பினர் விவரங்களைச் சரிபார்க்கவும்’ என்றே திரும்பத் திரும்ப வந்தது.

முதலில் ஆதார் பெயரையும் வங்கிக் கணக்குப் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். பிறகு ஐஎஃப்எஸ்சி குறியீடு, குழு தொடங்கிய தேதி எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் பிழையில்லை.

சிக்கல் பங்குத் தொகையில் இருந்தது. ஐந்து லட்சத்தை 12 ஆல் வகுத்தால் முழு ரூபாய் வராது. ஆளுக்கு 41,667 என்று போட்டதால் கூட்டுத்தொகை 5,00,004 ஆகிவிட்டது. படிவத்தின் அடியில் மொத்தம் ‘5.00 லட்சம்’ என்று சுருக்கிக் காட்டியதால் அந்த 4 ரூபாய் கண்ணில் படவேயில்லை. கால்குலேட்டரில் தனியாகக் கூட்டியபோதுதான் தெரிந்தது.

சமமாகப் பிரிப்பதை விட்டுவிட்டு, தேவையைப் பார்த்துப் பிரித்தோம். தையல், பெட்டிக்கடை என்று எழுதிய 8 பேருக்குத் தலா 40,000. கறவை மாடு வாங்கும் 4 பேருக்குத் தலா 45,000. கூட்டினால் சரியாக 5,00,000. கடன் நோக்கத்தோடும் இதுவே பொருந்துகிறது.

பங்கு மாறியதும் தீர்மானத்தையும் புதிதாக எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பதிவேற்றினோம். பழைய தீர்மானமே இருந்தால் வங்கிக் கிளையில் தொகை ஒத்துப்போகாது. இம்முறை விண்ணப்ப எண் உடனே வந்துவிட்டது.