தழும்பு இல்லையா? பிசிஜியை மறுபடி போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள்

புதிய நாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ சேரும்போது பெரும்பாலும் காசநோய் பற்றிய மருத்துவப் பரிசோதனை ஒன்று இருக்கும். படிவம், எக்ஸ்ரே ஆகியவற்றை அவர்களே சொல்லித்தருவார்கள். சிக்கல், சட்டைக் கையை மேலே சுருட்டச் சொல்லும் இடத்தில் தொடங்குகிறது. இடது மேற்கையில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பைத் தேடிவிட்டு, அது தென்படாவிட்டால், "சிறுவயதில் போட்ட ஊசி பலிக்கவில்லை, இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவர் வெள்ளை அங்கி அணிந்திருந்தால் நாமும் மறுபேச்சின்றித் தலையாட்டிவிடுகிறோம்.

செவிலியர் பணியில் சேர வந்த என் தோழிக்கு நடந்தது இதுதான். பிறந்த மறுநாளே பிசிஜி போட்டதற்கான தேதியும் முத்திரையும் உள்ள அட்டை அவளிடம் இருந்தது. எடுத்து நீட்டினாள். பரிசோதித்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், தோலைப் பார்த்து முடிவு செய்தார். இரண்டாவது ஊசியும் போடப்பட்டது.

தழும்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இந்தத் தீர்ப்பு எவ்வளவு அசட்டுத்தனமானது என்று புரியும். பிசிஜியை மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். சில வாரங்களில் அங்கே சிறு கட்டி எழும்பி, புண்ணாகி, ஆறி, வடுவாகிறது. பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கும் அளவு 0.05 மில்லிலிட்டர்தான். ஊசி முனை சற்று ஆழமாக இறங்கினாலும், மருந்து கொஞ்சம் வெளியே கசிந்தாலும், மருந்தின் திரிபு வேறாக இருந்தாலும் வடு சிறிதாகலாம், தோன்றாமலும் போகலாம். தோன்றிய வடு வளர வளர மங்குவதும் உண்டு. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தழும்பு வருவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தழும்பு இல்லாததைப் பாதுகாப்பு இல்லாததாகக் கொள்ளக் கூடாது, அதற்காக மறு ஊசி தேவையில்லை என்பதும் 2018இல் அது வெளியிட்ட நிலைப்பாடு. பிசிஜியின் பெரிய பயனே குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் காசநோயைத் தடுப்பதுதான். வளர்ந்தவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து அது தரும் பாதுகாப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டாவது ஊசி அதைக் கூட்டுவதாக உறுதியான சான்று இல்லை.

தோழிக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே கை வீங்கிப் புண்ணானது. முதல்முறை போடும் ஊசி இவ்வளவு விரைவாகக் கிளறாது. அவள் உடல் இந்த வகைக் கிருமியை முன்பே அறிந்திருந்தது என்பதற்கு இதுவே நல்ல அடையாளம். பலிக்கவில்லை என்று சொல்லப்பட்ட ஊசிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

உண்மையான செலவு அதற்குப் பிறகு வந்தது. வேலையிடத்தில் மாண்டூ பரிசோதனை செய்தார்கள். முன்கைத் தோலில் மருந்தேற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பது இது. அவளுக்கு 14 மில்லிமீட்டர். உடனே, காசநோய்க் கிருமி உடலில் மறைந்திருக்கலாம், பல மாதங்கள் மாத்திரை சாப்பிட வேண்டிவரலாம் என்ற பேச்சு எழுந்தது. வேலையில் சேரும் தேதி தள்ளிப்போனது. மாண்டூவில் பயன்படும் புரதக் கலவைக்கும் பிசிஜி கிருமிக்கும் பொதுவானவை பல உண்டு. அதனால் அண்மையில் போட்ட பிசிஜியாலும் தடிப்பு வரும்.

கடைசியில் ஐஜிஆர்ஏ என்ற இரத்தப் பரிசோதனைதான் காப்பாற்றியது. பிசிஜியில் இல்லாத, காசநோய்க் கிருமியில் உள்ள புரதங்களை வைத்து அது சோதிக்கிறது. முடிவு எதிர்மறையாக வந்தது, எக்ஸ்ரேவிலும் ஒன்றுமில்லை. இரண்டாவது ஊசி போடாமலிருந்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி இருந்திருக்காது.

ஆகவே அட்டை இருந்தால் அதையே ஆதாரமாக வைத்துப் பேசுங்கள். பிசிஜி வரியின் தெளிவான படமும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். "தழும்பு இல்லாததால் மறு ஊசி என்ற விதி எழுத்தில் இருக்கிறதா?" என்று பணிவாகக் கேளுங்கள். அட்டையும் இல்லை, தழும்பும் இல்லை என்றால் நிலைமை வேறு. அப்போதும் நேராக ஊசிக்குப் போகாமல், முதலில் மாண்டூ அல்லது ஐஜிஆர்ஏ செய்யுமாறு கேளுங்கள். பிசிஜி உயிருள்ள கிருமி. கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், அதைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் போட்டுக்கொள்ளக் கூடாது. முதியவர்களின் கையில் உள்ள பெரிய வட்டத் தழும்பு பலநேரம் பெரியம்மை ஊசியினுடையது. அதை பிசிஜி என்று எண்ணிக் காட்டாதீர்கள்.

ஏற்கெனவே இரண்டாவது ஊசி போட்டுவிட்டவர்கள் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, மாண்டூ செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். புண்ணைப் பிதுக்கவோ களிம்பு தடவவோ வேண்டாம். உலர்வாக விட்டாலே ஆறும். அக்குளில் நெறி கட்டிப் பெரிதானாலோ சீழ் பிடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.