இன்குபேட்டருக்குத் தெர்மிஸ்டரா, டிஜிட்டல் சென்சாரா? ஆர்டுயினோவில் ஒரு செய்முறை

கோழி முட்டையைச் செயற்கையாக அடைகாக்க, விசிறி வைத்த பெட்டிக்குள் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே போனால் பெரிய சேதமில்லை. ஆனால் 39.5 டிகிரியில் பல மணி நேரம் நின்றால் கரு தாங்காது. அதனால் இரண்டு டிகிரி தவறாகக் காட்டும் சென்சாரை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது. வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டரைக் கவனமில்லாமல் பொருத்தினால் சரியாக அந்த இரண்டு டிகிரி தவறுதான் வரும். ஏன் வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்று பார்ப்போம்.

தேவையானவை

ஆர்டுயினோ யூனோ ஒன்று, 10 கிலோ ஓம் என்டிசி தெர்மிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பிரெட்போர்டு, வயர்கள், மல்டிமீட்டர். ரெசிஸ்டர் ஒரு சதவீத வகையாக இருக்கட்டும். அதில் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று ஐந்து வளையங்கள் இருக்கும். கடைசி வளையம் தங்க நிறமாக இருந்தால் அது ஐந்து சதவீத வகை. அதையும் பயன்படுத்தலாம், ஆனால் கட்டாயம் மல்டிமீட்டரில் அளந்துகொள்ள வேண்டும். காரணம் கீழே வருகிறது.

என்டிசி என்றால் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. '10 கிலோ ஓம்' என்பது 25 டிகிரியில் அதன் மின்தடை. 37.5 டிகிரியில் அது ஏறக்குறைய 5,870 ஓமாக இறங்கிவிடும்.

முதல் படி: இணைப்பு

ஆர்டுயினோவுக்கு மின்தடையை நேரடியாக அளக்கத் தெரியாது, மின்னழுத்தத்தை மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து, நடுவிலுள்ள மின்னழுத்தத்தைப் படிக்கிறோம். 5 வோல்ட் பின்னிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரின் மறுமுனையில் தெர்மிஸ்டர், தெர்மிஸ்டரின் மறுமுனை கிரவுண்டுக்கு. இரண்டும் சேரும் இடத்திலிருந்து A0 பின்னுக்கு ஒரு வயர். தெர்மிஸ்டருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது, எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி.

`analogRead(A0)` 0 முதல் 1023 வரை ஓர் எண் தரும். இங்கே ஒரு வசதி உண்டு. தொடருக்கு மின்சாரம் தருவதும் யூனோ ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதே 5 வோல்ட்தான். யூஎஸ்பி வழியாக 4.8 வோல்ட்தான் வருகிறது என்றாலும் விகிதம் மாறாது, விடையும் மாறாது. ஆகவே கணக்கில் வோல்ட்டே தேவையில்லை.

இரண்டாம் படி: எண்ணிலிருந்து மின்தடை

```
R = RF × adc / (1023 − adc)
```

R என்பது தெர்மிஸ்டரின் மின்தடை, RF என்பது நீங்கள் போட்ட ரெசிஸ்டர், adc என்பது `analogRead` தந்த எண். A0 378 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 10000 × 378 / 645 போட்டால் 5,860 ஓம் வரும்.

தெர்மிஸ்டரை மேலேயும் ரெசிஸ்டரைக் கீழேயும் இணைத்தால் சூத்திரம் தலைகீழாகும். இணையத்தில் இரண்டு வகை நிரலும், அதாவது கோடும், கிடைக்கும். ஒன்றின் படத்தைப் பார்த்து இணைத்துவிட்டு இன்னொன்றின் கோடை ஏற்றினால், கையால் பிடித்ததும் எண் ஏறுவதற்குப் பதில் இறங்கும். அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், மேல்கீழ் மாறியிருக்கிறது.

மூன்றாம் படி: மின்தடையிலிருந்து வெப்பநிலை

```
1/T = 1/298.15 + ln(R / 10000) / B
```

298.15 என்பது 25 டிகிரி செல்சியஸ், கெல்வினில். B என்பது தெர்மிஸ்டரின் பீட்டா மதிப்பு, அதாவது சூடு ஏறும்போது மின்தடை எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதைச் சொல்லும் எண். நம்முடையது 3950 என்று கொள்வோம். R/10000 என்பது 0.586. அதன் இயற்கை மடக்கை −0.5344. அதை 3950 ஆல் வகுத்தால் −0.0001353. 1/298.15 என்பது 0.0033540. இரண்டையும் கூட்டினால் 0.0032187. தலைகீழாக்கினால் 310.7 கெல்வின். அதிலிருந்து 273.15 கழித்தால் 37.5 டிகிரி.

இப்போது அதே 5,860 ஓமுக்கு B மதிப்பை 3435 என்று போட்டுப் பாருங்கள். விடை 39.5 டிகிரி. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பீட்டா 3435 உள்ள தெர்மிஸ்டரும் 3950 உள்ளதும் கடையில் '10கே' என்ற ஒரே பெயரில் கிடைக்கின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. 25 டிகிரியில் இரண்டும் ஒரே மின்தடை காட்டுவதால் அறை வெப்பத்தில் சோதித்தாலும் பிடிபடாது. கோடில் 3950 இருந்து, கையிலிருப்பது 3435 ஆக இருந்தால், திரை 37.5 என்று காட்டும்போது பெட்டிக்குள் 39.5 இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தெர்மிஸ்டரைச் சிறிய பாலிதீன் பைக்குள் நனையாமல் வைத்து, நொறுக்கிய ஐஸ் நிறைந்து கொஞ்சம் தண்ணீரும் உள்ள டம்ளரில் முக்கி, சில நிமிடம் கழித்து மல்டிமீட்டரில் அளக்கவும். 33 கிலோ ஓம் அருகில் வந்தால் 3950. 28 கிலோ ஓம் அருகில் வந்தால் 3435. வெறும் தெர்மிஸ்டரைத் தண்ணீரில் விட்டால் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்திக் கணக்கைக் கெடுத்துவிடும், அதற்காகத்தான் பை.

ரெசிஸ்டரை அளக்கச் சொன்னதற்கும் காரணம் இதே சூத்திரத்தில் இருக்கிறது. 37.5 டிகிரிக்கு அருகே ஒரு டிகிரி ஏறினால் மின்தடை நான்கு சதவீதம் இறங்குகிறது. அப்படியானால் ரெசிஸ்டரில் ஐந்து சதவீதப் பிழை இருந்தால் விடையில் ஒரு டிகிரிக்கு மேல் தவறு. மல்டிமீட்டர் காட்டிய எண்ணை அப்படியே கோடில் எழுதிவிட்டால் இந்தப் பிழை போய்விடும்.

நான்காம் படி: கோடு

```cpp
const float RF = 10000.0;  // மல்டிமீட்டர் காட்டியது
const float B  = 3950.0;
const int HEATER = 8;

float readTemp() {
  long sum = 0;
  for (int i = 0; i < 20; i++) {
    sum += analogRead(A0);
    delay(2);
  }
  float adc = sum / 20.0;
  if (adc < 150 || adc > 750) return NAN;
  float r = RF * adc / (1023.0 - adc);
  return 1.0 / (1.0/298.15 + log(r/10000.0)/B) - 273.15;
}

void setup() {
  pinMode(HEATER, OUTPUT);
  Serial.begin(9600);
}

void loop() {
  float t = readTemp();
  if (isnan(t) || t > 37.6) digitalWrite(HEATER, LOW);
  else if (t < 37.4) digitalWrite(HEATER, HIGH);
  Serial.println(t);
  delay(1000);
}
```

இருபது முறை படித்துச் சராசரி எடுப்பது எண் தள்ளாடாமல் இருக்க. இந்த வெப்பநிலையில் `analogRead` எண்ணில் ஒன்று மாறினால் வெப்பநிலையில் 0.1 டிகிரி மாறும், இன்குபேட்டருக்கு அது போதும். `10000.0` என்று புள்ளி வைத்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். யூனோவில் `int` 32,767 வரைதான் தாங்கும். புள்ளி இல்லாமல் முழு எண்களாகப் பெருக்கினால் விடை எங்கோ போய்விடும்.

முக்கியமான வரி, 'இது எண்ணே அல்ல' என்று சொல்லும் `NAN` உள்ளது. தெர்மிஸ்டரின் வயர் அறுந்துவிட்டால் என்ன ஆகும்? A0 1023 காட்டும். சூத்திரத்தின் பார்வையில் அது மிகப் பெரிய மின்தடை, அதாவது கடுங்குளிர். ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ரெசிஸ்டரை மேல்கீழ் மாற்றிப் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது. என்டிசி அறுந்தால் எப்போதும் குளிர் என்றுதான் சொல்லும். 3டி பிரிண்டர்கள் MINTEMP என்று பிழை காட்டி நின்றுவிடுவது இதே காரணத்தால்தான். இங்கே 150க்கும் 750க்கும் வெளியே போனால், அதாவது ஏறக்குறைய 70 டிகிரிக்கு மேலோ 4 டிகிரிக்குக் கீழோ காட்டினால், அதை அளவாகவே எடுத்துக்கொள்ளாமல் ஹீட்டரை அணைக்கிறோம். கோடு ஏற்றியதும் தெர்மிஸ்டரைக் கழற்றிப் பார்த்து, ஹீட்டர் அணைகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஹீட்டராக இருக்கும் பல்பை 8ஆம் பின் ஒரு ரிலே பலகை வழியாகத்தான் இயக்கும். ரிலே பலகைகளில் பல, LOW கொடுத்தால்தான் இயங்கும். உங்களுடையது அப்படியென்றால் HIGH, LOW இரண்டையும் மாற்றவும். 230 வோல்ட் பல்பு ஓடும் கம்பியில் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்ஆஃப் ஒன்றும் தனியாகத் தொடராக இருக்கட்டும். ரிலே ஒட்டிக்கொண்டால் எந்தக் கோடும் காப்பாற்றாது.

ஐந்தாம் படி: 37.5இல் சரிபார்த்தல்

வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். உடல் வெப்ப எல்லைக்குள் அது 0.1 டிகிரி அளவுக்குத் துல்லியமானது, நமக்குத் தேவையான இடமும் அதுதான். 38 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில், பைக்குள் இருக்கும் தெர்மிஸ்டரையும் தெர்மாமீட்டர் முனையையும் ஒட்டினாற்போல் பிடித்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் ஆறினாலும் இறங்காது. அதனால் பீப் அடிக்கும்போதே இரண்டையும் குறித்துவிட வேண்டும். வேறுபாடு 0.4 என்றால் கோடின் விடையில் 0.4 கூட்டவோ கழிக்கவோ செய்தால் தீர்ந்தது. பீட்டா ஒரு மாறிலி மாதிரி எழுதப்பட்டாலும் உண்மையில் வெப்பநிலைக்கேற்பக் கொஞ்சம் மாறும். ஆனால் ஒரே இடத்தில் நிற்கும் இன்குபேட்டருக்கு இந்த ஒரு திருத்தம் போதும். 0 முதல் 100 வரை முழுக்கச் சரியாக வேண்டுமென்றால்தான் மூன்று இடங்களில் அளந்து ஸ்டெய்ன்ஹார்ட்-ஹார்ட் சமன்பாட்டுக்குப் போக வேண்டும்.

டிஜிட்டல் சென்சார் எப்போது?

பலரும் முதலில் நினைப்பது DS18B20. பீட்டா, ரெசிஸ்டர் கணக்கு எதுவும் வேண்டாம், எண்ணாகவே வெப்பநிலை தரும். டேட்டா வயருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். −10 முதல் 85 டிகிரி வரை ±0.5 டிகிரி என்று தயாரிப்பாளர் உறுதி சொல்கிறார். ஆனால் சந்தையில் போலிகள் நிறைய, அந்த உறுதி அவற்றுக்குப் பொருந்தாது. ±0.5 என்பதே நமக்கு எல்லைக்கோடு என்பதால், இதையும் அந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சரிபார்க்கத்தான் வேண்டும். முழுத் துல்லியத்தில் ஓர் அளவுக்கு முக்கால் விநாடி எடுக்கும், அடைகாப்பதற்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அறுந்த வயர் பிரச்சினை இங்கேயும் உண்டு. வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி, சென்சார் கிடைக்காவிட்டால் −127 தரும். கோடு அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டால் முடிந்தது கதை. மின்சாரம் வந்ததும் அளக்காமலே படித்தால் 85 வரும், அதையும் தள்ளிவிட வேண்டும்.

என் கணக்கு இப்படி. யூனோவோடு ஒரே பெட்டி, சிறிய வயர் என்றால் சரிபார்த்த தெர்மிஸ்டரே போதும். சின்ன மணி என்பதால் காற்றின் சூட்டை உடனே பிடிக்கும், விலையும் குறைவு. ESP32 பலகை என்றால் தெர்மிஸ்டர் வேண்டாம். அதன் அனலாக் உள்ளீடு நேர்கோடாக இல்லை. மின்னழுத்தத்தை உள்ளே இருக்கும் தனி அளவோடு ஒப்பிடுவதால், 5 வோல்ட் விஷயத்தில் யூனோவில் கிடைத்த வசதியும் அங்கே கிடையாது. மூன்று நான்கு தட்டுகளில் தனித்தனியாக அளக்க வேண்டுமென்றாலோ, வயர் பல மீட்டர் போகிறதென்றாலோ DS18B20தான். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே டேட்டா வயரில் கோக்கலாம்.

ஈரப்பதமும் பார்க்க வேண்டும் என்று DHT11 வாங்கி வைத்திருந்தால், அதன் வெப்பநிலையை நம்பி ஹீட்டரை ஓட்டாதீர்கள். அது ±2 டிகிரி வரை தவறலாம். செலவுக்கு அஞ்சாதவர்கள் SHT31 போட்டால் ஈரப்பதமும், வழக்கமாக ±0.2 டிகிரிக்குள் வெப்பநிலையும் ஒன்றிலேயே வந்துவிடும்.