நிழலில் புள்ளிகள் குறைய, ஹிஸ்டோகிராமை வலப்பக்கம் தள்ளுங்கள்

மேகம் மூடிய மாலையில் ஒரு கல் மண்டபத்தைப் படமெடுக்கிறீர்கள். வீட்டில் அதைத் திறந்து, தூண்களுக்குப் பின்னாலுள்ள இருட்டைச் சற்று வெளிச்சமாக்கினால் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் கிளம்புகின்றன. இதைத்தான் நாய்ஸ் என்கிறோம். பழியைக் கேமராவின் மீது போடுவோம். ஆனால் பெரும்பாலும் அந்த மூலைக்குப் போதுமான ஒளி வந்து சேரவில்லை என்பதே காரணம். ஒளி இரண்டு மடங்கானால், புள்ளிகளோடு ஒப்பிடும்போது காட்சியின் தெளிவு சுமார் 1.4 மடங்காகிறது. எனவே எடுக்கும்போதே ஒளியைத் தாராளமாக வாங்கிக்கொண்டு, பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் கேமராவை, சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்புக்கு மாற்றி, முக்காலியில் நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ 100, துளை f/8 என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் மீட்டர் 1/60 வினாடி சொல்கிறது. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்புறம் இருட்டு, வலப்புறம் வெளிச்சம் என்று படத்தின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் அது. மேடு இடப்புறமும் நடுவிலும் குவிந்து, வலப்புறம் காலியாக இருந்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது.

இனி ஷட்டரை மட்டும் மெதுவாக்குங்கள். 1/30: வலப்புறம் இன்னும் இடைவெளி. 1/15: சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒளி மிஞ்சிவிட்டதாக எச்சரிக்கை மினுமினுக்கிறது. ஒரு படி பின்வாங்கி 1/20, மினுமினுப்பு நின்றுவிட்டது. அங்கேயே நில்லுங்கள். மீட்டர் சொன்னதைவிட மூன்று மடங்கு ஒளி கிடைத்திருக்கிறது. கேமராத் திரையில் படம் வெளுத்துத் தெரியும், பதற வேண்டாம். ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது; கணினியில் எக்ஸ்போஷரை ஏறத்தாழ 1.6 ஸ்டாப் குறைத்தால் மண்டபம் தன் நிறத்துக்குத் திரும்பும். நிழலும் சுத்தமாக இருக்கும்.

ஷட்டருக்குப் பதிலாக ஐ.எஸ்.ஓவைக் கூட்டி வலப்பக்கம் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அதனால் சென்சாருக்கு ஒரு துளி ஒளியும் கூடுதலாகப் போகாது. உச்ச வெளிச்சத்துக்கு இருக்கும் இடம்தான் சுருங்கும்.

ஆபத்து வலது ஓரத்தில் இருக்கிறது. சென்சாரில் ஒளியை வாங்கும் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம் மாதிரி. நிரம்பிய பிறகு வரும் ஒளி வழிந்துவிடும். அந்த இடத்தில் சுவரின் காரை, துணியின் மடிப்பு என எதுவும் பதிவாகாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால் மென்பொருள் மற்ற இரண்டை வைத்து ஊகித்து ஓரளவு ஒட்டுப்போடும். மூன்றும் போனால் வெறும் வெள்ளைத் திட்டுதான் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல். திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம், கேமரா தனக்காகத் தயாரித்த ஜேபெக்கிலிருந்து வருகிறது. அதனால் ராவில் இன்னும் இடம் இருக்கும்போதே பெரும்பாலும் அது எச்சரிக்கும். சிவப்புச் செம்பருத்தியிடமோ அது நேர்மாறாக ஏமாற்றலாம்: ஒற்றை வெள்ளை வரைபடம் நிம்மதியாக இருக்க, சிவப்பு மட்டும் நிரம்பி இதழ்கள் ஒரே வண்ணப் பூச்சாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தை இயக்கிக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு வெளியே வெயில் கொளுத்தினால் வலப்புறம் இடமே இருக்காது. அப்போது வெளிச்சத்தைக் காப்பாற்றி ஒரு படம், நிழலுக்காக இன்னொரு படம் என எடுத்து இணைப்பதே வழி.